பன்னிரண்டு மணிப் புள்ளியிலிருந்து பதினொரு நாண்கள்

சுவரில் மாட்டும் வட்டக் கடிகாரத்தின் முகப்பில் மணிகளைக் குறிக்கும் பன்னிரண்டு புள்ளிகள் சம இடைவெளியில் இருக்கும். மேலே உள்ள 12-ஆம் எண் புள்ளியிலிருந்து மற்ற பதினொரு புள்ளிகளுக்கும் நேர்கோடுகள் இழுப்போம். வட்டத்தின் மேல் உள்ள இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் நேர்கோட்டை நாண் என்கிறோம். ஆக நம்மிடம் பதினொரு நாண்கள். அவற்றின் நீளங்களை வட்டத்தின் ஆரத்தை ஓர் அலகாக வைத்து அளந்தால் இப்படி வரும்: 1-க்கும் 11-க்கும் போகும் நாண்கள் 0.518, 2-க்கும் 10-க்கும் சரியாக 1, 3-க்கும் 9-க்கும் 1.414; 4-க்கும் 8-க்கும் 1.732, 5-க்கும் 7-க்கும் 1.932, நேர் எதிரே 6-க்குப் போவது விட்டம், எனவே 2.

இந்தப் பதினொரு எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள். விடை 12. ஏறத்தாழ 12 அல்ல, மிகச் சரியாக 12.

இதைக் கையாலேயே சரிபார்க்கலாம். 0.518, 1.932 ஆகிய இரண்டின் பெருக்கற்பலன் சரியாக 1. பக்கத்துக்கு ஒன்றாக அப்படி இரண்டு இணைகள் இருப்பதால் அவை நான்கும் விடையை மாற்றுவதில்லை. 1.414 என்பது √2. அது இருமுறை வருவதால் 2. 1.732 என்பது √3. அதுவும் இருமுறை வருவதால் 3. எதிர்ப்புள்ளிக்குப் போகும் விட்டம் 2. இரண்டை மூன்றால் பெருக்கி மறுபடி இரண்டால் பெருக்கினால் 12.

பன்னிரண்டு புள்ளிகள் இருந்ததால்தான் 12 வந்ததா? மற்ற வடிவங்களைப் பார்ப்போம். ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் வரைந்த சமபக்க முக்கோணத்தில் ஒரு முனையிலிருந்து இரண்டு நாண்கள் போகின்றன, ஒவ்வொன்றும் √3. பெருக்கினால் 3. சதுரத்தில் இரண்டு பக்கங்களும் ஒரு மூலைவிட்டமும்: √2, 2, √2. பெருக்கினால் 4. ஒழுங்கு அறுகோணத்தில் 1, √3, 2, √3, 1. பெருக்கினால் 6. ஐங்கோணம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் வடிவம். அதன் பக்கம் 1.1756, மூலைவிட்டம் 1.9021, ஒவ்வொன்றும் இரண்டு. பக்கத்தின் வர்க்கம் (5 − √5)/2, மூலைவிட்டத்தின் வர்க்கம் (5 + √5)/2. இரண்டையும் பெருக்கினால் (25 − 5)/4, அதாவது 5.

விதி இதுதான். ஆரம் 1 உள்ள வட்டத்தில் n பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணம் வரைந்து, ஒரு முனையிலிருந்து மற்ற எல்லா முனைகளுக்கும் போகும் நாண்களைப் பெருக்கினால் விடை n. இருபுறமும் உள்ள இரண்டு பக்கங்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. மூலைவிட்டங்களை மட்டும் பெருக்கினால் பொதுவாக விடை வராது.

காகிதத்தில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 10 செ.மீ. ஆரத்தில் அறுகோணம் வரைந்து நாண்களைச் சென்டிமீட்டரில் அளந்து அப்படியே பெருக்கினால் 6 வராது, ஆறு லட்சம் வரும். ஐந்து நாண்களும் தலைக்குப் பத்து மடங்கு நீண்டிருப்பதே காரணம். ஒவ்வொரு நீளத்தையும் முதலில் ஆரத்தால் வகுத்துவிட்டுப் பெருக்க வேண்டும். அளவுகோலின் பிழையும் பெருக்கலில் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு நாணையும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக அளந்துவிட்டால், 6-க்குப் பதில் 6.2 வரும். அந்த அளவுக்குள் வந்தால் உங்கள் அளவு சரி. 5 என்றோ 7 என்றோ வந்தால் வரைவதிலோ அளப்பதிலோ எங்கோ தவறியிருக்கிறீர்கள்.

இதுவரை பார்த்த வடிவங்களில் ஒவ்வொரு நாணின் நீளத்தையும் வர்க்கமூலக் குறியை வைத்து எழுத முடிந்தது. எழுதிப் பெருக்கினோம், முழு எண் வந்தது. ஏழுகோணத்தில் அந்த வழி அடைபடுகிறது. அதன் நாண்கள் மூன்று வகை: 0.8678, 1.5637, 1.9499, ஒவ்வொன்றும் இரண்டு. இந்த மூன்றையும் பெருக்கினால் 2.646 கிடைக்கும், அதன் வர்க்கம் 7. விதி இங்கும் பொருந்துகிறது. ஆனால் 0.8678 என்று நாம் எழுதிய நீளத்தை எத்தனை வர்க்கமூலங்களை அடுக்கினாலும் முழுதாக எழுத முடியாது. ஒழுங்கு ஏழுகோணத்தை அளவுகோடிடாத வரைகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியாது என்பதும் இதே செய்தியின் மறுபக்கம். அதைப் பிரெஞ்சுக் கணிதர் பியேர் வான்செல் 1837-இல் நிரூபித்தார். தனித்தனியே எழுதக்கூட முடியாத ஆறு நீளங்களைப் பெருக்கினால் 7 என்று எப்படி இவ்வளவு சுத்தமாக வருகிறது? எனக்கு இந்தத் தேற்றத்தின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாணையும் கண்டுபிடித்துப் பிறகு பெருக்குவது என்ற பாதையில் இதற்கு விடை இல்லை. எல்லா முனைகளையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

அதற்கு உதவுபவை கலப்பெண்கள். பிளஸ் டூ கணக்குப் பாடத்தில் இவற்றைச் சந்தித்தவர்கள், i-இன் வர்க்கம் −1 என்று மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். இங்கே நமக்கு வேண்டியது அதன் வடிவியல் பொருள். ஒவ்வொரு கலப்பெண்ணும் தளத்தில் ஒரு புள்ளி. மையத்திலிருந்து அதற்கு ஒரு தூரம் உண்டு. வலப்பக்க அச்சிலிருந்து அது திரும்பியிருக்கும் கோணம் ஒன்று உண்டு. இரண்டு கலப்பெண்களைப் பெருக்கும்போது தூரங்கள் பெருகுகின்றன, கோணங்கள் கூடுகின்றன. 90 பாகையில் உள்ள i-ஐ அதனாலேயே பெருக்கினால் 180 பாகைக்குப் போகிறது. அங்கே இருப்பது −1.

மையத்திலிருந்து தூரம் 1 உள்ள புள்ளிகளை எடுத்துக்கொண்டால் பெருக்கல் என்பது வெறும் சுழற்சி ஆகிவிடுகிறது. இப்போது ஏழுகோணத்தை ஆரம் 1 உள்ள வட்டத்தில் வைத்து, ஒரு முனையை 1 என்ற எண்ணின் மேல் நிறுத்துவோம். அதற்கு அடுத்த முனை முழுச் சுற்றில் ஏழில் ஒரு பங்கு தள்ளி இருக்கிறது. அதற்கு ω என்று பெயர் வைப்போம். ω-ஐ ω-ஆல் பெருக்கினால் இன்னொரு ஏழில் ஒரு பங்கு சுழன்று மூன்றாவது முனைக்குப் போகிறோம். அப்படியே ω³, ω⁴ என்று போய், ω⁷-இல் முழுச் சுற்று முடிந்து 1-க்கே திரும்புகிறோம். எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் அதை ஏழு முறை பெருக்கினால் முழுச் சுற்றுகளாகவே வந்து 1-இல் நிற்கும். அதாவது ஏழு முனைகளும் x⁷ = 1 என்ற ஒரே சமன்பாட்டின் தீர்வுகள். இவற்றைத்தான் ஒன்றின் ஏழாம் படி மூலங்கள் என்கிறோம்.

x⁷ − 1 ஏழாம் படிக் கோவை. அதற்கு ஏழு மூலங்களுக்கு மேல் இருக்க முடியாது. நம் கையில் சரியாக ஏழு இருக்கின்றன. எனவே அது மிச்சமின்றி முழுக்கக் காரணிகளாகப் பிரிகிறது:

x⁷ − 1 = (x − 1)(x − ω)(x − ω²)(x − ω³)(x − ω⁴)(x − ω⁵)(x − ω⁶)

வலப்பக்கத்தை நின்று பார்க்க வேண்டும். கலப்பெண்களில் கழித்தல் என்பது ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அம்பு. 1 − ω என்ற அம்பின் நீளம் நம் முதல் முனைக்கும் அடுத்த முனைக்கும் இடையிலான தூரம், அதாவது முதல் நாண். 1 − ω² இரண்டாம் நாண். கலப்பெண்களைப் பெருக்கும்போது தூரங்களும் பெருகும் என்று பார்த்தோம். எனவே x இருக்கும் இடத்தில் 1-ஐ இட்டால், பின்னால் உள்ள ஆறு காரணிகளின் பெருக்கற்பலனே நம் ஆறு நாண்களின் பெருக்கற்பலன்.

ஆனால் அப்படியே இட்டால் ஒன்றும் கிடைக்காது. இடப்பக்கம் பூஜ்யம்; வலப்பக்கமும் முதல் காரணி பூஜ்யமாவதால் பூஜ்யம். ஒரு முனைக்கும் அதே முனைக்கும் உள்ள தூரத்தையும் பெருக்கலில் சேர்த்துக்கொண்டதால் வந்த வினை இது. (x − 1)-ஆல் இருபுறமும் வகுக்கலாம் என்றால் x = 1 எனும்போது அது பூஜ்யத்தால் வகுப்பதாகும். முதல்முறை இதைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி நிற்பது இங்கேதான்.

வழி இருக்கிறது. எண்ணை இடுவதற்கு முன்பே, x எழுத்தாக இருக்கும்போதே, x⁷ − 1 = (x − 1)(x⁶ + x⁵ + x⁴ + x³ + x² + x + 1) என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வலப்பக்கத்தை விரித்துப் பெருக்கினால் நடு உறுப்புகளெல்லாம் அடிபட்டுப்போய் இரண்டு முனை உறுப்புகளே மிஞ்சும். இப்போது x⁷ − 1-க்கு இரண்டு பிரிப்புகள் இருக்கின்றன. இரண்டிலும் (x − 1) உண்டு. x, 1-ஆக இல்லாத ஒவ்வோர் இடத்திலும் அதை நீக்கலாம். நீக்கினால் மிச்சமுள்ள இரண்டு கோவைகளும் சமம். கணக்கற்ற இடங்களில் சமமாக இருக்கும் இரண்டு பல்லுறுப்புக்கோவைகள் வேறு வேறாக இருக்க முடியாது. அவை ஒரே கோவை. எனவே x = 1 எனும்போதும் அவை சமமே:

(x − ω)(x − ω²)…(x − ω⁶) = x⁶ + x⁵ + x⁴ + x³ + x² + x + 1

இப்போது x = 1 என்று இடுங்கள். இடப்பக்கம் ஆறு நாண்களின் பெருக்கற்பலன். வலப்பக்கம் ஏழு ஒன்றுகளின் கூட்டல். விடை 7.

ஏழு என்ற எண்ணுக்கு இதில் தனிச் சலுகை எதுவும் இல்லை. அதற்குப் பதில் n என்று எழுதினால் வலப்பக்கம் n ஒன்றுகள் வரும், விடை n. ω-இன் மதிப்பு என்ன என்று எங்கும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 0.8678 என்ற நீளம் நம் கணக்குக்குள் நுழையவே இல்லை.

பலகோணம் ஒழுங்காக இருப்பது இந்த நிரூபணத்துக்குக் கட்டாயம். முனைகள் சம இடைவெளியில் இருப்பதால்தான் அவை எல்லாம் x⁷ = 1 என்ற எளிய சமன்பாட்டுக்குள் அடங்கின. சதுரத்தைக் கொஞ்சம் நெருக்கிச் செவ்வகமாக்கிப் பாருங்கள். அதே வட்டத்துக்குள் பக்கங்கள் 1, √3 உள்ள செவ்வகத்தில் மூலைவிட்டம் 2-ஆகவே இருக்கிறது. ஆனால் பெருக்கற்பலன் 3.46-ஆகக் குறைந்துவிடுகிறது. 4 வருவது எல்லாச் செவ்வகங்களிலும் சதுரம் ஒன்றுக்கு மட்டுமே.

கலப்பெண்களைத் தளத்தில் புள்ளிகளாகப் பார்க்கும் பழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தொடங்கியது. இந்தத் தேற்றத்தின் விரிந்த வடிவமோ அதற்கும் முந்தியது. அதைக் கண்டவர் ரோஜர் கோட்ஸ். கேம்பிரிட்ஜில் வானியல் பேராசிரியர். நியூட்டனின் பிரின்சிபியா நூலின் இரண்டாம் பதிப்பை 1713-இல் வெளிக்கொணர உழைத்தவர். 1716-இல், 33 வயதில், காய்ச்சலில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற தாள்களை உறவினர் ராபர்ட் ஸ்மித் தேடித் தொகுத்து 1722-இல் நூலாக வெளியிட்டார். அதில் இந்தத் தேற்றம் நிரூபணம் இல்லாமல் இருந்தது. ஆபிரகாம் டி மாய்வர் 1730-இல் வெளியிட்ட நூலில் அதற்கு நிரூபணம் தந்தார்.

கோட்ஸ் பார்த்த படம் நம்முடையதைவிடப் பெரியது. அவர் முனையிலேயே நின்றுகொண்டு அளக்கவில்லை. மையத்திலிருந்து ஒரு முனை வழியாகப் போகும் கோட்டில், மையத்திலிருந்து x தூரத்தில் ஒரு புள்ளியை எடுத்து, அங்கிருந்து எல்லா n முனைகளுக்கும் உள்ள தூரங்களைப் பெருக்கினார். புள்ளி வட்டத்துக்கு வெளியே இருந்தால் விடை xⁿ − 1. நாம் மேலே எழுதிய காரணிப் பிரிப்பேதான் இது. X-ஐ மட்டும் 1-இல் நிறுத்தாமல் நடக்கவிட்டிருக்கிறார்.

அறுகோணத்தில் x = 2 என்று எடுத்துச் செய்து பார்க்கலாம். அருகில் உள்ள முனைக்குத் தூரம் 1. அதன் இருபுற முனைகளுக்கும் √3. அடுத்த இரண்டுக்கும் √7. எதிர்முனைக்கு 3. பெருக்கினால் 1 × 3 × 7 × 3 = 63. அது 2⁶ − 1.

இந்தப் புள்ளியை மெல்ல முனையை நோக்கி நகர்த்தினால், முதலில் நம்மைத் தடுக்கிய பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்க்கலாம். அருகில் உள்ள முனைக்கான தூரம் x − 1 சுருங்கிக்கொண்டே போய் மொத்தப் பெருக்கலையும் பூஜ்யத்துக்கு இழுக்கிறது. அந்த ஒரு தூரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் பெருக்கினால், x = 1.1 எனும்போது 7.716; x = 1.01 எனும்போது 6.152, புள்ளி முனையைத் தொடும்போது 6.

கோட்ஸ் இன்னொரு திசையையும் பார்த்தார். முனை வழியாகப் போகாமல், இரண்டு அடுத்தடுத்த முனைகளுக்கு நடுவே போகும் கோட்டில் புள்ளியை வைத்தால் பெருக்கற்பலன் xⁿ + 1. அந்தப் புள்ளி வட்டத்தின் மேலேயே, வில்லின் நடுவில் இருந்தால் x = 1; எனவே விடை 2. எத்தனை பக்கங்கள் இருந்தாலும், முக்கோணமானாலும் நூறுகோணமானாலும், வில்லின் நடுப்புள்ளியிலிருந்து எல்லா முனைகளுக்கும் உள்ள தூரங்களைப் பெருக்கினால் 2.

இதற்குப் புதிய கணக்கே தேவையில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பன்னிரு கோணத்தில் ஒரு முனையிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக முனைகளை எடுத்தால் அறுகோணம் ஒன்று கிடைக்கிறது. அந்த ஐந்து நாண்களின் பெருக்கற்பலன் 6. மிச்சமிருக்கும் ஆறு முனைகளும் இன்னோர் அறுகோணம். நாம் நிற்கும் முனை அதன் ஒரு வில்லின் நடுவில் விழுகிறது. மொத்தப் பெருக்கற்பலன் 12, அதில் ஓர் அறுகோணத்தின் பங்கு 6 என்றால் மற்றதன் பங்கு 2-ஆகத்தானே இருக்க வேண்டும்? பக்கங்களை இரட்டிப்பாக்கும்போதெல்லாம் 2n-ஐ n-ஆல் வகுக்கிறோம். 2 மட்டுமே மிஞ்சுகிறது.

பக்கங்கள் மிகுதியாகும்போது என்ன நடக்கிறது என்பதும் பார்க்க வேண்டியது. ஆயிரம் பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணத்தில் அடுத்த முனைக்குப் போகும் நாண் வெறும் 0.0063. இருபுறமும் உள்ள இரண்டு பக்கங்களே பெருக்கற்பலனை ஏறக்குறைய இருபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அடுத்தடுத்த நாண்களும் குட்டையானவையே. 60 பாகைக்குள் அடங்கும் நாண்கள் எல்லாம் 1-ஐவிடச் சிறியவை. அப்படி 332 நாண்கள். மிச்சமுள்ள 667 நாண்கள் 1-ஐவிடப் பெரியவை, ஆனால் அவற்றில் எதுவும் 2-ஐத் தாண்டுவதில்லை. எண்ணிக்கையில் இரு மடங்கு இருந்தும் நெட்டையான நாண்களால் குட்டை நாண்களின் இழப்பைக் கொஞ்சம்தான் மிஞ்ச முடிகிறது. 999 எண்களைப் பெருக்கிக் கிடைப்பது 1000 மட்டுமே.

999 நாண்களுக்கும் ஒரே நீளத்தைக் கொடுத்து அதே 1000-ஐப் பெற வேண்டுமானால் அந்த நீளம் 1.0069 ஆக இருக்க வேண்டும். இதைப் பெருக்குச் சராசரி என்கிறோம். பக்கங்களை இன்னும் கூட்டக் கூட்ட அது 1-ஐ நெருங்கிக்கொண்டே போகும். அதே நாண்களைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுக்கும் வழக்கமான சராசரியோ 4/π, அதாவது ஏறத்தாழ 1.27 என்ற மதிப்பை நோக்கிப் போகிறது. வட்டத்தின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் நாண்களின் பெருக்குச் சராசரி, பக்கங்கள் எல்லையின்றிப் பெருகும்போது, அந்த வட்டத்தின் ஆரத்துக்கே சமமாகிவிடுகிறது.